மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்: எதை எங்கே வைப்பது, எதற்கு எத்தனை பக்கம்

கேள்வி: "சார், நாங்கள் நான்கு பேர் டிப்ளமோ கடைசி வருடம். அல்ட்ராசானிக் சென்சார், அர்டுயினோ வைத்துத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடி, நிறைந்தால் நிற்கிற மாதிரி மினி ப்ராஜெக்ட் செய்திருக்கிறோம். ப்ராஜெக்ட் நன்றாக வேலை செய்கிறது. ரிப்போர்ட் 46 பக்கம் வந்துவிட்டது. கைடு 'வரிசையும் சரியில்லை, அளவும் சரியில்லை, 35 பக்கத்துக்குள் திருத்திக் கொண்டு வாருங்கள்' என்கிறார். எந்தச் சாப்டரை வெட்டுவது, எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொருளடக்கத்தையும் ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறேன்."

பதில்:

உங்கள் பொருளடக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். அறிமுகம் 6 பக்கம், இலக்கிய ஆய்வு 5, ஹார்டுவேர் விளக்கம் 19, சாஃப்ட்வேர் 7, வேலை செய்யும் விதம் 3, ரிசல்ட் 2, முடிவுரை 2, எதிர்கால மேம்பாடு 1, மேற்கோள் பட்டியல் 1. கைடு சொன்னதன் பொருள் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வாங்கி வந்த பொருள்களைப் பற்றி 19 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வைத்து நீங்கள் கண்டுபிடித்ததைப் பற்றி 2 பக்கம்தான் இருக்கிறது. அதனால் எல்லாச் சாப்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி 35-க்குக் கொண்டு வந்தால் பக்கம்தான் குறையும், குறை அப்படியே இருக்கும். ஒரு இடத்தில் கணிசமாக வெட்ட வேண்டும், இன்னொரு இடத்தில் புதிதாக எழுத வேண்டும்.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ரிப்போர்ட்டை ஒரு பிரிண்ட் எடுத்து, பென்சிலுடன் உட்காருங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு எழுத்து போடுங்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தகவல் என்றால் 'பொ' (பொது). நீங்கள் நால்வரும் எடுத்த ஒரு முடிவைச் சொன்னால் 'மு'. நீங்கள் அளந்தது, பார்த்தது என்றால் 'அ'. "அர்டுயினோ ஊனோ போர்டில் ATmega328P மைக்ரோகண்ட்ரோலர் உள்ளது" என்பது 'பொ'. "சென்சாரை டிரம்மின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தோம்" என்பது 'மு'. "80 செ.மீ. தூரத்தில் சென்சார் 78.5 காட்டியது" என்பது 'அ'. உங்கள் 46 பக்கத்தில் 'மு', 'அ' இரண்டும் சேர்ந்து எட்டுப் பக்கம் தேறினால் அதிகம். நல்ல மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவை இரண்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும்.

இதை வைத்து உங்களுக்கு நான் சொல்லும் பங்கீடு இது. அறிமுகம் 3 பக்கம், முந்தைய முறைகள் 4, வடிவமைப்பு 9, செய்முறை 7, சோதனையும் ரிசல்ட்டும் 8, முடிவுரை 2, மேற்கோள் பட்டியல் 1. மொத்தம் 34. எதிர்கால மேம்பாடு தனிச் சாப்டராக வேண்டாம், முடிவுரைக்குள் கடைசிப் பகுதியாகப் போகட்டும். முன்பக்கங்களும் பின்னிணைப்பும் இந்த 35-இல் சேருமா என்று கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். உங்கள் கல்லூரி அச்சடித்த ஃபார்மேட் கொடுத்திருந்தால் சாப்டர் தலைப்புகளில் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் தலைப்புக்குள் எதற்கு எத்தனை பக்கம் என்பது எப்போதும் உங்கள் கையில்தான்.

முதலில் அந்த 19 பக்கத்தைப் பார்ப்போம். அர்டுயினோவுக்கு 6 பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதில் போர்டு எப்படித் தோன்றியது, எத்தனை வகை இருக்கிறது, ஒவ்வொரு பின்னும் என்ன செய்யும் என்றெல்லாம் வருகிறது. நீங்கள் பயன்படுத்தியதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில பின்கள். மீதியைப் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த மாதிரிப் பகுதியைத் திருத்துவதற்கு எளிய வழி, "இது என்ன?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு "இதை ஏன் தேர்ந்தெடுத்தோம்?" என்ற கேள்வியை வைப்பதுதான். அப்படிக் கேட்டால் சென்சார் பகுதி எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

இப்போது நீங்கள் எழுதியிருப்பதன் சாரம்: HC-SR04 ஒரு அல்ட்ராசானிக் சென்சார், 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி அனுப்பும், 2 செ.மீ. முதல் 400 செ.மீ. வரை அளக்கும், நான்கு பின் உண்டு. மூன்று பக்கம் இதுதான். இதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "எங்கள் டிரம்மின் உயரம் 88 செ.மீ. சென்சாரை விளிம்புக்கு மேல் 12 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டத்தில் பொருத்தியதால் அளக்க வேண்டிய அதிகபட்ச தூரம் 100 செ.மீ. HC-SR04 அளக்கும் எல்லை 2 முதல் 400 செ.மீ. என்பதால் இந்தத் தூரம் அதற்குள் அடங்குகிறது. தண்ணீரில் மூழ்கும் மிதவை சுவிட்சில் பாசி படிந்து சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இது தண்ணீரைத் தொடாமல் அளப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இதன் பார்வைக் கோணம் சுமார் 15 டிகிரி என்பதால், டிரம்மின் சுவரில் பட்டு எதிரொலி வராதிருக்க நடுவில் பொருத்தினோம்." அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆனால் சென்சாரின் எல்லை, கோணம் என்ற பொதுத் தகவல் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. உங்கள் டிரம்மோடு சேர்ந்து இருக்கிறது. ரிலே, டிஸ்ப்ளே, பவர் சப்ளை மூன்றையும் இதே மாதிரி எழுதுங்கள். எல்லாப் பாகங்களின் பெயர், மாடல், வோல்ட்டேஜ், எண்ணிக்கை இவற்றை ஒரு பக்க அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். டேட்டாஷீட்டின் முதல் பக்கம் கண்டிப்பாக வேண்டும் என்று கைடு சொன்னால் அது பின்னிணைப்புக்குப் போகட்டும். 19 பக்கம் மூன்றாகச் சுருங்கும்.

அளவைப் போலவே இங்கே வரிசையிலும் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் பாகங்களின் விளக்கம் மூன்றாம் சாப்டர், பிளாக் டயகிராம் ஐந்தாம் சாப்டர். அதாவது ரிலேயைப் பற்றி மூன்று பக்கம் படிக்கிறவருக்கு, இந்த ப்ராஜெக்டில் ரிலே எங்கே வருகிறது என்று இன்னும் தெரியாது. முழுப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் பாகத்துக்குள் போக வேண்டும். ஆகவே வடிவமைப்புச் சாப்டரின் ஒன்பது பக்கம் இந்த வரிசையில் போகட்டும்: முதலில் டிரம்மின் அளவுகளோடு ஒரு கோட்டுப் படம், அடுத்து பிளாக் டயகிராம், பிறகு மேலே சொன்ன பாகத் தேர்வு மூன்று பக்கம், பிறகு சர்க்யூட் டயகிராமும் பின் இணைப்பு அட்டவணையும், பிறகு மோட்டார் ஓடும் மட்டம், நிற்கும் மட்டம் இரண்டையும் எப்படி முடிவு செய்தீர்கள் என்ற பகுதி, கடைசியாக ஃப்ளோசார்ட்.

இதில் மட்டத்தை முடிவு செய்யும் பகுதி உங்கள் ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை. அர்டுயினோ கோடில் 80, 20 என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கின்றன. உங்கள் ப்ராஜெக்டின் உயிரே அந்த இரண்டு எண்கள்தான். தூரம் 80 செ.மீ. என்றால் அடியில் 20 செ.மீ. தண்ணீர் மிச்சம், அப்போது மோட்டார் ஓடத் தொடங்குகிறது. தூரம் 20 செ.மீ. என்றால் விளிம்புக்குக் கீழே இன்னும் 8 செ.மீ. இடம் இருக்கிறது, அப்போது நிற்கிறது. ஏன் இரண்டு மட்டம்? ஒரே ஒரு மட்டம் வைத்திருந்தால், தண்ணீர் விழும்போது எழும் சின்ன அலையிலேயே தூரம் அந்த எண்ணுக்கு மேலும் கீழுமாக ஆடும், ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் 60 செ.மீ. இடைவெளி வைத்ததால்தான் அது நடக்கவில்லை. இதை ஒரு பக்கம் எழுதுங்கள். வைவாவில் முதல் கேள்வி இங்கிருந்துதான் வரும் என்று எதிர்பார்க்கலாம்; பதில் ரிப்போர்ட்டிலேயே இருப்பது உங்களுக்கு நல்லது.

நான்காவது சாப்டரான செய்முறையில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர்டில் எப்படிப் பொருத்தினீர்கள், சென்சாருக்குச் சட்டம் எப்படிச் செய்தீர்கள், பம்புக்கான மின் இணைப்பை எப்படித் தனியாகப் பிரித்தீர்கள், கோடு எப்படி வேலை செய்கிறது, வழியில் என்ன சிக்கல் வந்தது. IDE-ஐ இன்ஸ்டால் செய்யும் நான்கு பக்க ஸ்கிரீன்ஷாட்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள், அது 'பொ'. கோடு முழுவதும் பின்னிணைப்புக்குப் போகட்டும். சாப்டருக்குள் முடிவெடுக்கும் வரிகளை மட்டும் வையுங்கள்:

```
duration = pulseIn(echoPin, HIGH);
distance = duration * 0.0343 / 2;
if (distance >= 80) digitalWrite(relayPin, HIGH);
if (distance <= 20) digitalWrite(relayPin, LOW);
```

இந்த நான்கு வரிக்குக் கீழே விளக்கம் எழுதுங்கள். 0.0343 எங்கிருந்து வந்தது (ஒலி ஒரு மைக்ரோசெகண்டில் போகும் சென்டிமீட்டர்), ஏன் இரண்டால் வகுக்கிறோம் (போய்த் திரும்புவதால்), 20-க்கும் 80-க்கும் நடுவில் தூரம் இருந்தால் என்ன நடக்கிறது (ரிலே முன்பு இருந்த நிலையிலேயே இருக்கிறது). சிக்கல்கள் என்ற பகுதியில் உண்மையாக நடந்ததை எழுதுங்கள். பல ரிலே மாட்யூல்கள் LOW கொடுத்தால்தான் இயங்கும். முதல் தடவை எல்லாம் தலைகீழாக ஓடியது, பிறகு கண்டுபிடித்தோம் என்று நடந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அந்த ஒரு பத்தி, இதை நீங்களே கையால் செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

இப்போது ஐந்தாம் சாப்டர். இதற்கு 8 பக்கம் கொடுத்திருக்கிறேன், உங்களிடம் இருப்பதோ 2 பக்கம். அதிலும் ஒன்று முழுப்பக்க ஃபோட்டோ, இன்னொன்றில் "ப்ராஜெக்ட் வெற்றிகரமாக இயங்கியது" என்ற பத்தி. எழுத ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, அளக்கவில்லை என்பதுதான் காரணம். மாடல் இன்னும் கலைக்காமல் இருந்தால் ஒரு மதியத்தில் இந்தச் சாப்டருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும்.

முதல் சோதனை, தூரம் சரியாக அளக்கிறதா என்பது. ஒரு அளவுகோலை வைத்துச் சென்சாரிலிருந்து தண்ணீர் மட்டம்வரை 20, 50, 80 செ.மீ. என்று நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போடுங்கள். எப்படிப்பட்ட முடிவு வரும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் கோடில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று வைத்திருக்கிறீர்கள்; அது 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சரி. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். அறையில் 30 டிகிரி இருந்தால் உண்மையான வேகம் சுமார் 349.5 மீட்டர். ஒலி சீக்கிரம் திரும்பி வந்துவிடும், கோடு அதைக் குறைந்த தூரம் என்று எடுத்துக்கொள்ளும். 80 செ.மீ. இருக்கும்போது 78.5 என்றும், 50 இருக்கும்போது 49.1 என்றும், 20 இருக்கும்போது 19.6 என்றும் காட்டும். உங்கள் ரீடிங் இதை ஒட்டி வந்தால் அருமையான ஒரு பத்தி கிடைத்துவிட்டது: பிழை எல்லா இடத்திலும் ஏறக்குறைய 2 சதவீதம், தூரம் கூடக்கூடப் பிழையும் கூடுகிறது, ஆகவே இது சென்சாரின் தடுமாற்றம் அல்ல, வெப்பத்தால் வரும் வித்தியாசம். உங்கள் ரீடிங் வேறு மாதிரி வந்தால் வந்ததைத்தான் எழுத வேண்டும். நான் கணக்கிட்ட எண்களை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அறையின் வெப்பநிலை என்ன என்று ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுவீர்கள்.

இரண்டாவது சோதனை, மோட்டார் சரியான மட்டத்தில் ஓடி நிற்கிறதா என்பது. டிரம்மைப் பத்து முறை காலி செய்து நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடத் தொடங்கியபோதும் நின்றபோதும் அளவுகோலில் மட்டம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து வரிசை, மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை, அதன்கீழ் இரண்டு பத்தி விளக்கம். நின்ற மட்டம் முறைக்கு முறை கொஞ்சம் மாறினால் ஏன் என்று யோசித்து எழுதுங்கள். அலை ஒரு காரணம், ரீடிங் எடுக்கும் இடைவெளி இன்னொரு காரணம்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலான மாணவர்கள் செய்வதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்: வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பார்ப்பது. மோட்டார் ஓடும்போது சென்சாரின் டிரிகர் வயரைக் கழற்றுங்கள். துடிப்பே வராததால் `pulseIn` காத்திருந்துவிட்டு 0 தரும். தூரம் 0, அது 20-க்குக் கீழே, மோட்டார் நின்றுவிடும். நல்லதுதான், தண்ணீர் வழியாது. இப்போது வயரை மாட்டிவிட்டு, எதிரொலி திரும்பாத மாதிரி சென்சாரை வெட்டவெளிப் பக்கம் சாய்த்துப் பாருங்கள். எதிரொலி வராவிட்டால் HC-SR04 தன் எக்கோ பின்னைச் சுமார் 38 மில்லிசெகண்ட் HIGH நிலையிலேயே வைத்திருக்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. உங்கள் கோடு அதைக் கிட்டத்தட்ட 650 செ.மீ. என்று கணக்கிடும். 650 என்பது 80-க்கு மேல், அதனால் தொட்டி நிறைந்திருந்தாலும் மோட்டார் ஓடத் தொடங்கும். இது உங்கள் வடிவமைப்பில் உள்ள உண்மையான ஓட்டை. டிரம்மின் அடியே 100 செ.மீ.தான், அதற்கு மேல் வரும் எந்த ரீடிங்கும் பொய் என்பதால், அப்படி வந்தால் மோட்டாரை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தால் அடைந்துவிடும். கெடுத்தபோது என்ன நடந்தது, என்ன மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். ரிப்போர்ட் முழுவதிலும் கனமான இரண்டு பக்கம் இவையாக இருக்கும்.

இந்தச் சாப்டர் நிற்க வேண்டுமானால் முதல் சாப்டரில் ஒரு திருத்தம் வேண்டும். உங்கள் அறிமுகத்தின் 6 பக்கத்தில் நாலு பக்கம் தண்ணீரின் அருமையைப் பற்றி இருக்கிறது. நோக்கங்கள் என்ற தலைப்பின்கீழ் "தண்ணீர் வீணாவதைத் தடுப்பது, மின்சாரத்தைச் சேமிப்பது, மனித உழைப்பைக் குறைப்பது" என்று மூன்று வரி. இவற்றில் எதையும் நீங்கள் அளக்கவில்லை, இந்த மாடலை வைத்து அளக்கவும் முடியாது. நோக்கம் என்பது கடைசியில் 'ஆயிற்று' அல்லது 'ஆகவில்லை' என்று சொல்லக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். "தண்ணீர் மட்டத்தை 2 செ.மீ.க்கு மேல் பிழை இல்லாமல் அளப்பது", "அடியில் 20 செ.மீ. மிச்சம் இருக்கும்போது பம்பை ஓட்டி, விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிறுத்துவது", "சென்சார் பழுதானால் பம்ப் நிற்கும்படி செய்வது" என்று மூன்று நோக்கம் எழுதுங்கள். மூன்று நோக்கம், ஐந்தாம் சாப்டரில் மூன்று சோதனை. ஒவ்வொரு நோக்கத்துக்கும் பக்கத்தில் அதற்குரிய அட்டவணை எண்ணைப் பென்சிலில் எழுதிப் பார்க்கும்போது எண் கிடைக்காத நோக்கம் இருந்தால், ஒன்று சோதனை செய்யுங்கள், இல்லை அந்த நோக்கத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரின் அருமை ஒரு பத்தியில் முடியட்டும்.

முந்தைய முறைகள் சாப்டருக்கு நான்கு பக்கம் போதும். ஐந்து கட்டுரைகளின் சுருக்கத்தை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் தண்ணீர் மட்டத்தை அறியும் வழிகளை வகைப்படுத்துங்கள்: மிதவை சுவிட்ச், தண்ணீரில் இறங்கும் உலோகக் கம்பிகள், அல்ட்ராசானிக். ஒவ்வொன்றும் எங்கே நன்றாக வேலை செய்யும், எங்கே கெடும் என்று சொல்லி, படித்த கட்டுரைகளை அந்தந்த வகையின்கீழ் கொண்டு வாருங்கள். கடைசிப் பத்தி "ஆகவே நாங்கள் அல்ட்ராசானிக் முறையை எடுத்தோம்" என்று முடிந்தால் மூன்றாம் சாப்டருக்கு வாசல் தானாகத் திறக்கும்.

முடிவுரை இரண்டு பக்கம். அதில் புதிய எண், புதிய படம் எதுவும் வரக்கூடாது; ஐந்தாம் சாப்டரில் வந்ததைத்தான் நோக்கம் வாரியாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு பத்தி வரம்புகளுக்கு. நீங்கள் ஓட்டியது சின்ன பம்ப். வீட்டு மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கமான கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட இந்தச் சின்ன ரிலேயை நம்பி அதை நேரடியாக இணைக்க முடியாது, நடுவில் கான்டாக்டர் வேண்டும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். எதிர்கால மேம்பாடு அந்த வரம்புகளிலிருந்தே வரட்டும். வெப்பத்தால் 2 சதவீதப் பிழை வந்தது, அதனால் ஒரு வெப்பநிலை சென்சார் சேர்க்கலாம் என்பது பொருந்துகிறது. இப்போதுள்ள வாக்கியங்களான மொபைல் ஆப், கிளவுட் இரண்டும் எந்த ரிப்போர்ட்டிலும் ஒட்டும், அதனால்தான் உங்களுடையதில் ஒட்டவில்லை.

அப்ஸ்ட்ராக்டைக் கடைசியாக எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள், 150 முதல் 200 சொல். என்ன பிரச்சினை, என்ன செய்தோம், எப்படிச் சோதித்தோம், என்ன எண் கிடைத்தது. இப்போதிருக்கும் உங்கள் அப்ஸ்ட்ராக்டில் ஒரு எண்கூட இல்லை. படிக்கும் வரிசையில் அது முன்னால் வந்தாலும், எழுதும் வரிசையில் ஐந்து, மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு, ஆறு, அப்ஸ்ட்ராக்ட் என்று போவதே எனக்குத் தெரிந்து வேகமான வழி. சோதனை அட்டவணை கையில் இருந்தால் வடிவமைப்பில் எதைச் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சாப்டர் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள் என்று படிக்கும்போதே தெரிகிறது. ஒரு சாப்டரில் "லெவல் சென்சார்", அடுத்ததில் "அல்ட்ராசானிக் மாட்யூல்", இன்னொன்றில் "HC-SR04". டிரம்மின் உயரம் ஒரு இடத்தில் 88, இன்னொரு இடத்தில் 90. எழுதுவதைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் கடைசியில் ஒருவர் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உட்கார்ந்து பெயர்களையும் எண்களையும் ஒன்றாக்க வேண்டும். நான் எக்ஸ்டர்னலாகப் போயிருந்த ஒரு தேர்வில் ஒரு ரிப்போர்ட்டின் சர்க்யூட் டயகிராமில் டிரிகர் பின் 9, எக்கோ பின் 10 என்று இருந்தது. பின்னிணைப்புக் கோடில் 7, 8. மேசைமேல் இருந்த மாடலில் வயர் மாட்டியிருந்தது 7-லும் 8-லும். வேலை அவர்கள் செய்ததுதான், ஆனால் டயகிராமை வேறெங்கோ இருந்து எடுத்தது தெரிந்துவிட்டது. அதைச் சமாளிப்பதிலேயே வைவா முழுவதும் போனது. நன்றாகச் செய்திருந்த வேலையைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. உங்கள் டயகிராம், பின் அட்டவணை, கோடு, மாடல் நான்கையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

முன்பக்கங்களின் வரிசை: தலைப்புப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை, அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம், படங்களின் பட்டியல், அட்டவணைகளின் பட்டியல். இவற்றுக்குச் சின்ன ரோமன் எண், முதல் சாப்டரிலிருந்து 1, 2, 3. உங்கள் ஃபைலில் முதல் சாப்டர் 9-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, காரணம் நடுவில் சாதாரண பேஜ் பிரேக் போட்டிருக்கிறீர்கள். வேர்டில் அந்தப் பேஜ் பிரேக்கை அழித்துவிட்டு, முதல் சாப்டருக்கு முன்னால் கர்சரை வைத்து `Layout` > `Breaks` > `Next Page` கொடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தின் ஃபூட்டரில் இரட்டைச் சொடுக்குச் செய்து `Link to Previous` என்பதை அணைத்துவிட்டு, `Format Page Numbers` போய் `Start at` என்ற இடத்தில் 1 கொடுங்கள். `Link to Previous`-ஐ அணைக்க மறந்தால் இங்கே நீங்கள் செய்யும் மாற்றம் முன்பக்கங்களின் ஃபூட்டரையும் மாற்றிவிடும்.

சாப்டர் தலைப்புகளுக்கு `Heading 1`, உட்தலைப்புகளுக்கு `Heading 2` ஸ்டைல், படங்களுக்கு `Insert Caption`. இவை இருந்தால் பொருளடக்கத்தையும் படப் பட்டியலையும் `References` தாவலிலிருந்து தானாக வரவழைக்கலாம். 12 பக்கம் வெட்டிய பிறகு நீங்கள் கையால் தட்டிய இப்போதைய பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்கூடச் சரியாக இருக்காது. எல்லாத் திருத்தமும் முடிந்தபின் `Ctrl+A`, `F9` அழுத்தி, கேட்டால் `Update entire table` கொடுங்கள். அதன்பிறகு PDF-ஆகச் சேமித்து, அந்த PDF-இல் `Error!` என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். தலைப்பை அழித்துவிட்டு அதைச் சுட்டிய இடத்தை மறந்திருந்தால் `Error! Reference source not found.` என்று தடித்த எழுத்தில் நடுப்பக்கத்தில் நிற்கும். பைண்டிங்குக்குக் கொடுப்பது அந்தத் தேடலில் ஒன்றும் கிடைக்காத PDF-ஆக இருக்கட்டும். வேர்டு ஃபைலைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் எழுத்துரு மாறிப் பக்கங்கள் நகர்ந்துவிடலாம்.